தேங்காய் எண்ணெயும் விலங்குக் கொழுப்பும்: சங்கிலியின் நீளம் செய்யும் வேலை

மார்கழிக் காலையில் சமையலறை அலமாரியைத் திறந்தால் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்திருக்கும். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் மறுபடியும் தெளிந்த எண்ணெய். சுமார் 24 டிகிரிதான் அதன் உருகுநிலை. மாட்டுக் கொழுப்பு அப்படியில்லை. சித்திரை வெயிலிலும் கெட்டியாகவே நிற்கும். உருக வேண்டுமானால் 40 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமாக இருந்தால் கொழுப்பு கெட்டியாகும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மாட்டுக் கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய பாதி. நெய்யில் நூற்றுக்கு அறுபதுக்குச் சற்று மேல். தேங்காய் எண்ணெயிலோ எண்பதிலிருந்து தொண்ணூறு வரை. அப்படியானால் மூன்றிலும் மிகக் கெட்டியாக இருக்க வேண்டியது தேங்காய் எண்ணெய்தானே? அது ஏன் முதலில் உருகுகிறது?

காரணம், கொழுப்பு அமிலங்களின் நீளம். ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. நீளமான சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொள்ளும். குட்டைச் சங்கிலிகளுக்கு அந்தப் பிடிப்புக் குறைவு. நெய், வெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு ஆகியவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பில் பெரும்பங்கு 16 கார்பன் உள்ள பால்மிடிக் அமிலமும் 18 கார்பன் உள்ள ஸ்டியரிக் அமிலமும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, 12 கார்பன் மட்டுமே உள்ள லாரிக் அமிலம். அதற்கு அடுத்தபடியாக 14 கார்பன் உள்ள மிரிஸ்டிக். அதைவிடக் குட்டையான 8, 10 கார்பன் அமிலங்கள் இரண்டும் சேர்ந்து நூற்றுக்குப் பதினான்கு அளவில் இருக்கின்றன.

ஆக, தேங்காய் எண்ணெயில் இருப்பதும் நெய்யில் இருப்பதும் வேறு வேறு கொழுப்பு என்பதில் சந்தேகமே இல்லை. உடலுக்குள் போன பிறகும் அந்த வேறுபாடு நிற்கிறதா, நின்றால் அது இதயத்துக்கு நல்லதாகிறதா என்பதுதான் கேள்வி. தேங்காய் எண்ணெயை அமுதம் என்பவர்களும் நஞ்சு என்பவர்களும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

அமுதம் என்பவர்கள் சொல்லும் விளக்கம் இது: தேங்காய் எண்ணெயில் இருப்பவை நடுத்தர நீளச் சங்கிலிகள், அவை நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்து சக்தியாகிவிடும், ரத்தக் குழாயில் படியாது. இதில் பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று பார்க்கக் குடலுக்குள் நடப்பதைக் கவனிக்க வேண்டும்.

சாப்பிட்ட கொழுப்பைக் கணைய நீர் கொழுப்பு அமிலங்களாக வெட்டுகிறது. 8, 10 கார்பன் அமிலங்கள் நீரில் ஓரளவு கரையக்கூடியவை. அதனால் குடல் சுவரைக் கடந்து, மாவுச்சத்தும் புரதமும் போகிற அதே சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன. அங்கே பெரும்பாலும் உடனே எரிந்துவிடுகின்றன. கொழுப்பைச் செரிக்க முடியாத நோயாளிகளுக்கு மருத்துவமனைகளில் எம்.சி.டி. எண்ணெய் என்ற ஒன்றைக் கொடுப்பது இதனால்தான். அது 8, 10 கார்பன் அமிலங்களை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த எண்ணெய்.

நீளச் சங்கிலிகளுக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது. குடல் சுவரின் செல்கள் அவற்றை மறுபடியும் கொழுப்பாகக் கோத்து, கைலோமைக்ரான் என்ற துகள்களுக்குள் அடைத்து, நிணநீர்க் குழாயில் விடுகின்றன. அந்தக் குழாய் மார்பு வழியாக மேலேறி, இடப்பக்கக் கழுத்தடியில் ரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து உடல் முழுவதும் சுற்றி, தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் பங்கிட்ட பிறகு, மிச்சம்தான் கல்லீரலுக்கு வருகிறது.

இந்த இரண்டு வழிகளில் லாரிக் அமிலம் எதில் போகிறது? வேதியியல் பட்டியலில் அது பெரும்பாலும் நடுத்தரச் சங்கிலி என்ற வரிசையில்தான் இருக்கும். குடல் அதை அப்படி நடத்துவதில்லை. ஒரு பங்கு நேர்வழியில் கல்லீரலுக்குப் போனாலும், பெரும்பகுதி நீளச் சங்கிலிகளோடு சேர்ந்து கைலோமைக்ரானுக்குள்தான் ஏறுகிறது. தேங்காய் எண்ணெயில் மிக அதிகமாக உள்ள அமிலமே இப்படி நெய் போகும் வழியில் போகிறது என்றால், அந்த விளக்கத்தின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது.

இந்தக் குழப்பம் பரவியதற்கும் ஒரு கதை உண்டு. மாரி பியர் செயின்ட் ஓஞ் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் 2000களின் தொடக்கத்தில் எம்.சி.டி. எண்ணெயை வைத்து ஆய்வு செய்தார். மற்ற எண்ணெய்களைவிட அது கொஞ்சம் கூடுதலாகக் கலோரியை எரிக்க வைப்பதாகக் கண்டார். சந்தையில் அந்த முடிவு தேங்காய் எண்ணெயின் பெயரில் ஓடியது. தன் ஆய்வில் பயன்படுத்தியது முழுக்க நடுத்தரச் சங்கிலிகளால் ஆன எண்ணெய் என்றும், தேங்காய் எண்ணெயில் அது சிறு பங்குதான் என்றும் அவரே பிறகு விளக்க வேண்டியிருந்தது. ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயில், அதாவது சுமார் 14 கிராமில், 8, 10 கார்பன் அமிலங்கள் இரண்டு கிராம்கூட முழுதாகத் தேறாது.

வழி ஒன்றாக இருந்தாலும் விளைவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமக்கும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் செல்களின் மேல் வாங்கிகள் உள்ளன. இவற்றைக் கண்டறிந்ததற்காகத்தான் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். 12, 14, 16 கார்பன் உள்ள நிறைவுற்ற கொழுப்புகள் உணவில் அதிகமானால் இந்த வாங்கிகளின் வேலை குறைகிறது. எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்குகிறது, ஆண்டுக்கணக்கில் அப்படித் தங்கினால் ரத்தக் குழாயின் உட்சுவருக்குள் புகுந்து படிகிறது. 18 கார்பன் உள்ள ஸ்டியரிக் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதில் ஒரு பகுதியை உடலே ஒலியிக் அமிலமாக மாற்றிக்கொள்கிறது. அது ஆலிவ் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் உள்ள அமிலம். எல்.டி.எல். அளவை ஸ்டியரிக் பெரிதாக அசைப்பதில்லை.

லாரிக் அமிலம் எல்.டி.எல்.லை உயர்த்துகிறது. அதோடு, நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்.டி.எல்.லையும் மற்ற நிறைவுற்ற அமிலங்களைவிடக் கூடுதலாக உயர்த்துகிறது. நெதர்லாந்தின் மென்சிங்க், காட்டான் குழுவினர் 60 உணவு ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியிட்ட கணக்கில் இது தெளிவாகவே வந்தது. தேங்காய் எண்ணெயின் தனித்தன்மை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இனி எண்ணெயையே நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளுக்கு வருவோம். நியூசிலாந்தில் கொலஸ்டிரால் ஓரளவு உயர்ந்திருந்த 28 பேரை வைத்து 1995இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒவ்வொருவரும் ஆறு வாரம் வெண்ணெய், ஆறு வாரம் தேங்காய் எண்ணெய், ஆறு வாரம் குசும்பா எண்ணெய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். ஒரே ஆள் மூன்றையும் சாப்பிடுவதால் பரம்பரை, உடல்வாகு போன்றவை கணக்கைக் குழப்பாது. நம் பரிசோதனைச் சீட்டில் வரும் அளவுக்கு மாற்றிச் சொன்னால், வெண்ணெய் சாப்பிட்டபோது சராசரி எல்.டி.எல். சுமார் 174, தேங்காய் எண்ணெயில் 162, குசும்பா எண்ணெயில் 151. தேங்காய் எண்ணெய் சரியாக நடுவில் நிற்கிறது. வெண்ணெயைவிட நல்லது, விதை எண்ணெயைவிட மோசம்.

2018இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வெளியான ஆய்வு இன்னும் பரபரப்பானது. 50 முதல் 75 வயதுக்குட்பட்ட தொண்ணூறுக்குச் சற்று மேற்பட்டவர்கள், தினமும் 50 கிராம் வீதம் நான்கு வாரம் வெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் ஆகிய மூன்றில் ஒன்றைச் சாப்பிட்டார்கள். முடிவில் வெண்ணெய்க் குழுவைவிடத் தேங்காய் எண்ணெய்க் குழுவின் எல்.டி.எல். 16 அளவுக்குக் குறைவு. ஆலிவ் எண்ணெய்க் குழுவுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. எச்.டி.எல். மற்ற இரண்டையும்விட அதிகமாக ஏறியிருந்தது.

நியூசிலாந்தில் தோற்ற எண்ணெய் கேம்பிரிட்ஜில் எப்படி வென்றது? ஆய்வு நடந்த விதத்தில் ஒரு காரணம் தெரிகிறது. கேம்பிரிட்ஜில் பங்கேற்றவர்கள் அந்த 50 கிராமை வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் சேர்க்கலாம், அல்லது வழக்கமான கொழுப்பு ஒன்றுக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்று விட்டிருந்தார்கள். ஒருவர் ரொட்டியில் தடவும் வெண்ணெயை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறியிருந்தால், அவருடைய எல்.டி.எல். ஏறாமல் போனதில் வெண்ணெய் இல்லாமல் போனதற்கும் பங்கு உண்டு. தாம் எதைச் சாப்பிடுகிறோம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். நான்கு வாரம் என்பதும் குறுகிய காலம். நியூசிலாந்து ஆய்வில் மொத்தக் கொழுப்பின் அளவை நிலையாக வைத்து, வகையை மட்டும் மாற்றினார்கள். அதனால் எண்ணெயின் தனி விளைவை அறிய எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2020இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கும் அதே பக்கம்தான் சாய்ந்தது. பாமாயில் போன்ற வெப்பமண்டல எண்ணெய்களைத் தவிர்த்த மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சராசரியாகப் பத்து அளவும், எச்.டி.எல்.லை நான்கு அளவும் உயர்த்துகிறது. அந்தப் பத்து நீடித்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் சுமார் 6 சதவீதம் கூடலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. பயந்து ஓடும் அளவு இல்லை. கண்டுகொள்ளாமல் விடும் அளவும் இல்லை.

இதுவரை விலங்குக் கொழுப்பு என்று சொன்னதெல்லாம் வெண்ணெய். இறைச்சிக் கொழுப்போடு வைத்தால் கதை திரும்புகிறது. 1985இல் அமெரிக்காவில் 19 ஆண்களை வைத்து மாட்டுக் கொழுப்பையும் தேங்காய் எண்ணெயையும் ஒப்பிட்டபோது, எல்.டி.எல்., எச்.டி.எல். இரண்டுமே தேங்காய் எண்ணெயில்தான் அதிகமாக வந்தன. முதலில் கேட்கும்போது வியப்பாக இருக்கும். ஆனால் கலவையைப் பார்த்தால் புரியும். மாட்டுக் கொழுப்பில் பாதிக்கு அருகில் நிறைவுறாத கொழுப்பு. நிறைவுற்ற பாதியிலும் கணிசமான பங்கு, எல்.டி.எல்.லை அசைக்காத ஸ்டியரிக். இறைச்சி உண்பதில் வேறு கேடுகள் இருக்கலாம். அது தனிப் பேச்சு. மரத்தில் விளைந்தது மென்மையானது, விலங்கில் விளைந்தது கொடியது என்ற எளிய பிரிவு மட்டும் இங்கே செல்லாது.

எச்.டி.எல். ஏறுகிறதே, அது எல்.டி.எல். ஏறியதை ஈடுகட்டாதா என்று தேங்காய் எண்ணெய் அன்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இருபது ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்களே ஆம் என்று சொல்லியிருப்பார்கள். ரத்தத்தில் எச்.டி.எல். அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது பழைய, உறுதியான கண்டறிதல். அதை நம்பி எச்.டி.எல்.லை உயர்த்த மருந்துகளைச் செய்தார்கள். டால்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உயர்த்தியது, மாரடைப்பு குறையவில்லை. 2012இல் அந்தப் பெரிய ஆய்வை நிறுத்தினார்கள். அதே ஆண்டில் மரபணு வழியாகவும் ஒரு சோதனை வந்தது. பிறவியிலேயே எச்.டி.எல். அதிகமாக இருக்கச் செய்யும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு, மற்றவர்களைவிட மாரடைப்பு குறைவாக இருந்ததா என்று பார்த்தார்கள். குறைவாக இல்லை. எச்.டி.எல். நலமான உடலின் அடையாளமாக இருக்கலாம். அதை மட்டும் தூக்கிவிட்டால் நலம் வந்துவிடுவதில்லை. எல்.டி.எல். விஷயம் அப்படியில்லை. மருந்தால் குறைத்தாலும் பிறவியிலேயே குறைந்திருந்தாலும் மாரடைப்பு குறைகிறது. அதனால் பத்து ஏறியதற்கு நான்கு ஏறியதை வரவு வைக்க முடியாது.

"எங்கள் தாத்தா நாள்தோறும் தேங்காய் எண்ணெயில்தான் சாப்பிட்டார், தொண்ணூறு வயது வரை இருந்தார்" என்று நாகர்கோவில் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் சொல்லாத வீடு இல்லை. இதற்கு அறிவியலில் ஒரு துணையும் உண்டு. பசிபிக் கடலில் உள்ள புகாபுகா, டோகலாவ் தீவு மக்களின் முக்கிய உணவே தேங்காய். இயன் பிரையர் என்ற நியூசிலாந்து மருத்துவரின் குழு அவர்களை ஆராய்ந்து 1981இல் எழுதியது. இதய நோய் இரண்டு தீவுகளிலும் அரிது. அந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு தகவல் அதிலேயே இருக்கிறது. புகாபுகாவில் உணவின் சக்தியில் 34 சதவீதம் தேங்காயிலிருந்து வந்தது, டோகலாவில் 63 சதவீதம். டோகலாவ் மக்களின் கொலஸ்டிரால், புகாபுகா மக்களுடையதைவிட 35 முதல் 40 வரை அதிகம். தேங்காய் அங்கேயும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. மீன், தேங்காய்ப் பருப்பின் நார், உடலுழைப்பு, சர்க்கரை அதிகமில்லாத சாப்பாடு ஆகியவை அந்த மக்களைக் காத்திருக்கலாம். தாத்தாவின் கதையிலும் அவர் நடந்த நடையைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கொச்சியில் ஏற்கெனவே இதய நோய் உள்ள 200 பேருக்கு இரண்டு ஆண்டுகள் தேங்காய் எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த அளவுகளிலும் நோய்ப் பாதிப்பிலும் வேறுபாடு தெரியவில்லை. கேரளத்தில் இதை வெற்றியாகக் கொண்டாடினார்கள். அவர்கள் எல்லோரும் வழக்கமான இதய சிகிச்சையில் இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. கொலஸ்டிராலைக் குறைக்கும் மாத்திரை அளவுகளை இழுத்துப் பிடித்திருக்கும்போது எண்ணெய் செய்யும் சிறு மாற்றம் அதற்குள் மறைந்துபோகும். மாத்திரை சாப்பிடுபவருக்கு மிதமான தேங்காய் எண்ணெய் உடனே ஆபத்தில்லை என்ற அளவுக்கு அந்த ஆய்வு ஆறுதல் தரும்.

செக்கில் ஆட்டியது, வெர்ஜின் என்று அடைத்தது, கடையில் வாங்கும் சாதா எண்ணெய் ஆகியவற்றுக்குள் வேறுபாடு உண்டா என்றால், மணத்திலும் சில நுண்பொருள்களிலும் உண்டு. கொழுப்பு அமிலங்களின் விகிதம் மூன்றிலும் ஒன்றுதான்.

இனி சமையலறைக் கணக்கு. நாலு பேர் உள்ள ஒரு வீட்டில் மாதம் மூன்று லிட்டர் தேங்காய் எண்ணெய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையில் அது சுமார் 2,760 கிராம். நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால் ஆளுக்குத் தினம் 23 கிராம். அதில் நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட 20 கிராம். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவர் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அது சுமார் 22 கிராம். பால், தயிர், அவியலில் அரைத்த தேங்காய், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எதையும் எண்ணுவதற்கு முன்பே எண்ணெய் மட்டும் அந்த அளவைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடுகிறது. அந்த மூன்று லிட்டரில் பாதியை நல்லெண்ணெயாக மாற்றினால் எண்ணெயிலிருந்து வருவது பதினொன்றரை கிராம் அளவுக்கு இறங்கும். மீன் குழம்புக்கும் அவியலுக்கும் தேங்காய் எண்ணெய் மணம் அப்படியே இருக்கும்.

இதே வீட்டில் நெய்யும் வெண்ணெயும்தான் பிரதானமாக இருந்து, அவற்றுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் வந்தால் எல்.டி.எல். சற்று இறங்கக்கூடும். கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் பதிலாக வந்தால் ஏறும். எந்த எண்ணெயை எடுத்துவிட்டு அது வருகிறது என்பதைக் கேட்காமல் தேங்காய் எண்ணெய் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை.

உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. எண்ணெயை மட்டும் மாற்றி, மற்ற உணவையும் எடையையும் மாத்திரையையும் அப்படியே வைத்து, ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து அதே பரிசோதனை நிலையத்தில் எல்.டி.எல். பாருங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு வெவ்வேறு நாள்களில் எடுத்தாலே எல்.டி.எல். பத்துப் பன்னிரண்டு முன்பின் இருக்கக்கூடும். எண்ணெயின் விளைவும் ஏறக்குறைய அதே அளவுதான். அதனால் மாற்றுவதற்கு முன் இரண்டு முறை, மாற்றிய பின் இரண்டு முறை எடுத்துச் சராசரியை ஒப்பிட வேண்டும். எச்.டி.எல். ஏறியிருப்பதைப் பார்த்து நிம்மதியடையாமல் எல்.டி.எல். வரியை மட்டும் பாருங்கள். 160ஐத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும் இந்தச் சோதனைக்காகக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அவர்களுக்கு எண்ணெய் மாற்றம் தரும் பத்து அளவு போதவே போதாது.